ஹுஸ்னியாவின் நகத்துப் படங்கள்

பட்டமளிப்பு அங்கியோடு நான் நகரத்தில் ஓர்ஸ் ஹில்லில் இருக்கிற பிரகலாதன் அண்ணனின் ஸ்டூடியோவுக்குப் போன அன்றுதான் ஹுஸ்னியா அக்காவை முதன்முதலில் கண்டனான். எங்கள் ஊர் தம்பலகாமத்துக்கு உள்ளே, வயல் முடிகிற இடத்தில். அதுவரைக்கும் எங்கள் ஒழுங்கையில் பட்டம் என்றால் நூலில் கட்டிப் பறக்கவிடுகிற பட்டம் மட்டும்தான். ஆகவே அம்மா, அப்பா, சித்தப்பா, சித்தப்பாவின் முச்சக்கரவண்டி எல்லாம் என்னோடு வந்திருந்தன. வண்டியையும் படத்தில் சேர்க்கலாமா என்று சித்தப்பா கேட்டுப் பார்த்தார். பிரகலாதன் அண்ணன் இடமில்லை என்றுவிட்டார்.

படம் எடுத்து முடிந்து கொஞ்ச நேரத்தில், தலையில் கறுப்பு முக்காடும் கையில் ஒரு ஏ-ஃபோர் தாளுமாக ஒரு பெண் உள்ளேயிருந்து வந்தா. அந்தத் தாளில் நான் முப்பது பேராக நின்றேன். வரிக்கு ஐந்து, ஆறு வரி. ஒவ்வொருத்தனுக்கும் கீழே ஓர் இலக்கம்.

"முப்பது படம், முப்பதிலயும் ஒரே சிரிப்பு," என்றா. "ஆர் தம்பி உங்கட வாயைக் கட்டிவிட்டது?"

"அது பட்டதாரிச் சிரிப்பு அக்கா," என்றேன்.

"அப்ப சரி. இலக்கத்தைச் சொல்லுங்க, பட்டதாரி."

அம்மா தாளை வாங்கி, கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய், பதினேழாவது என்னில் விரலை வைத்தா. மற்ற இருபத்தொன்பது பேருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஹுஸ்னியா அக்கா மட்டும் தலையாட்டினா. "உம்மாமார் பிழையா எடுக்கவே மாட்டாங்க," என்றா. அந்த வசனத்தை அவவே பின்னாலே ஒரு நாள் கையில் பிடித்துத் தொங்கப்போகிறா என்று அன்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்த நாட்கள் அவை. என் பட்டம் கணினியில் என்று கேள்விப்பட்டதும் பிரகலாதன் அண்ணன் விடவில்லை. வாடிக்கையாளர்கள் ஃபோனிலேயே தங்கள் படங்களைப் பார்க்கிற மாதிரி ஸ்டூடியோவுக்கு இணையத்தில் ஒரு கேலரி வேண்டும் என்றார். நான் செய்து கொடுத்தேன். நன்றாகவே செய்து கொடுத்தேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அதற்குப் பிறகு எனக்கும் அங்கே ஒரு மேசை கிடைத்தது.

ஹுஸ்னியா அக்காவின் மேசை அறையின் மற்ற மூலையில், சுவரைப் பார்த்தபடி அல்ல, சுவருக்கு முதுகைக் காட்டியபடி. அவவின் திரையை அவவைத் தவிர ஒருத்தராலும் பார்க்க ஏலாது. காரணம் இருந்தது. அவ கிண்ணியாக்காரி. ஆரம்பத்தில் அந்த ஸ்டூடியோவில் முன்மேசையில் இருந்து பற்றுச்சீட்டு எழுதினவ. கிண்ணியாவிலும் மூதூரிலும் கலியாண வீடுகளில் பெண்கள் பக்கத்தைப் படம் எடுக்க ஒரு பெண்ணைக் கேட்டார்கள். பிரகலாதன் அண்ணன் தாடியைச் சொறிந்துகொண்டு நின்ற நேரம், "கமராவைத் தாங்க, நான் போறன்," என்று எழும்பினவ இவ. கணவர் முனீப் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறார். "அவர் நட்டு, நான் லென்சு. ரெண்டும் முறுக்கிற வேலைதான்," என்பா.

பெண்கள் பக்கத்துப் படங்களை எடுக்கிறதும், சுருக்குகிறதும், அச்சடிக்கிறதும் அவ மட்டும். வீட்டார் சம்மதமில்லாமல் எந்த ஆணும் அந்தப் படங்களைப் பார்க்க மாட்டான் என்று ஒவ்வொரு வீட்டிலும் வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் கமராவைத் திறப்பா. அந்த வாக்கை நம்பித்தான் கிண்ணியாவின் கதவுகள் அவவுக்குத் திறந்தன. ஒரு வீட்டில் அது பொய்த்தால் ஊர் முழுக்கக் கதவு சாத்திவிடும். அதையும் அவவே சொல்லுவா, சிரித்துக்கொண்டு, ஆனால் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி.

வேலையைப் பார்த்தால் யாரும் சின்ன வேலை என்றுதான் நினைப்பார்கள். சின்னதுதான். தம்ப்நெயில் என்றால் கட்டைவிரல் நகம் என்று நான் ஒரு நாள் விளக்கம் சொன்னதிலிருந்து, அவ அதை நகத்துப் படம் என்றே கூப்பிட்டா. "நகத்தளவு படத்தில முகம் தெரியோணும். தெரியாட்டி ஆர் அதை அமத்திப் பெரிசாக்கிப் பாக்கிற?" அதனால் தன் நகத்துப் படங்களைச் சதுரமாக வெட்ட விடமாட்டா. கணினி தன்பாட்டில் நடுவாலே சதுரம் வெட்டினால், நின்று எடுத்த மணமகளுக்குத் தலை போய் வயிறு மிஞ்சும். படத்தின் நீள அகலம் எப்படியோ அப்படியே முழுசாகச் சுருங்க வேண்டும். சுருங்கினால் படம் கொஞ்சம் மங்கும், ஆகவே லேசாகக் கூர்மை ஏற்ற வேண்டும். நிறத்தை இணையத்துக்கு ஏற்ற அமைப்பில் மாற்றாமல் ஏற்றினால் சில ஃபோன்களில் சிவப்புச் சேலை பழைய செங்கல்லாகிவிடும்.

எல்லாவற்றுக்கும் முதல் பெயர். இரண்டு கமராவும் ஒரே மாதிரித்தான் இலக்கம் போடும். இவவின் நூறாவது படமும் பிரகலாதன் அண்ணனின் நூறாவது படமும் ஒரே பெயரில் வந்து ஒன்றின் தலையில் ஒன்று ஏறிவிடும். ஆகவே ஆண்கள் பக்கத்துக்கு ஓர் எழுத்து, பெண்கள் பக்கத்துக்கு ஓர் எழுத்து என்று பெயருக்கு முன்னால் போட்ட பிறகுதான் மற்ற வேலை. நகத்துப் படத்துக்கும் பெரிய படத்துக்கும் மூலப் படத்துக்கும் அதே பெயர். வாடிக்கையாளர் எந்த இலக்கத்தைச் சொன்னாலும் மூன்றும் ஒன்றாக எழும்பி வர வேண்டும்.

இப்படி இருக்கிற ஆளிடம்தான் ஜெஸீமா மாமியின் மகளின் கலியாணம் வந்தது.

ஜெஸீமா மாமி கிண்ணியாவில் வீட்டில் வைத்துப் பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதக் கொடுக்கிறவ. ஹுஸ்னியா அக்காவும் சின்னதில் அவவிடம்தான் ஓதினா. மகள் சனூஸாவுக்கும் இஹ்ஸானுக்கும் கலியாணம். இஹ்ஸானின் அண்ணன் நஸ்ரி நானா கட்டாரில். லீவு கிடைக்கவில்லை. கலியாணத்துக்கு வர ஏலாமல் போனவருக்கு இருந்த ஒரே ஆறுதல் கேலரி. ஆண்கள் பக்கம் முழுசாக அதில் ஏறும். பெண்கள் பக்கத்தில் மாமி தெரிவு செய்கிற, முக்காடு ஒழுங்காக இருக்கிற படங்கள் மட்டும் ஏறும். மிச்சமெல்லாம் ஒரு பென் டிரைவில் சனூஸாவின் கைக்கு. இதுதான் பேச்சு.

"ஃபோனில காட்டாத," என்றாவாம் மாமி. "இந்த வீட்டில ஃபோன் ஆருட எண்டே தெரியா. காலையில என்ட கையில, பின்னேரம் மகன்ட கையில. தாளில தா."

ஆகவே தாள். ஹுஸ்னியா அக்கா எங்கள் எல்லோரையும் தேத்தண்ணி குடிக்க அனுப்பிவிட்டு, சின்னப் படங்களை வரி வரியாக அடுக்கிய கொன்டக்ட் ஷீட் அச்சடித்தா. முதல் தடவை கொண்டுபோனபோது மாமி மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிவிட்டு, "படத்துக்குக் கீழ என்ன எறும்பு ஊருது?" என்றிருக்கிறா. எறும்பு என்றது படத்தின் பெயர். அதை எடுத்துவிட்டால் படம் கொஞ்சம் பெரிசாகும் என்று, அக்கா பெயர்களை நிறுத்திவிட்டுப் புதுசாக அச்சடித்துக் கொடுத்தா. தாளின் தலையில் தாளின் இலக்கம் மட்டும்.

பேனையால் வட்டம் போடச் சொன்னதற்கும் மாமி மறுத்துவிட்டா. "என்ட புள்ளேட முகத்தில பேனையால கீறுறதோ? நான் வாயால சொல்றன்."

வாயால் சொன்னா. வாட்ஸப்பில் குரல் செய்தி, நீளமாக, நடுவில் கோழி கூவலோடு. "ஒண்டாம் தாள். ரெண்டாம் வரியில நாலாவது. மூணாம் வரியில ஒண்டாவது, மூணாவது..." அக்கா காதில் மாட்டிக்கொண்டு, தன் திரையில் அதே மாதிரி வரிக்கு ஐந்தாகப் படங்களைப் பரத்திவைத்து, மாமி சொல்லச்சொல்லக் குறித்துக்கொண்டே போனா. ஒழுங்கு சரியா என்று பார்க்க ஒன்றைக் கேட்கவும் செய்தா.

"மாமி, மூணாம் தாள் நாலாம் வரி மூணாவது. நீங்களும் புள்ளையும் கட்டிப்புடிச்சிக்கொண்டு நிக்கிறது. சரியா?"

"ஓம், அதுதான். பெரிசாப் போடு."

அப்படியானால் சரி.

வெள்ளிக்கிழமை காலை ஆண்கள் பக்கத்தை நான் ஏற்றினேன். கேலரியின் இணையத் தொடுப்பைப் பிரகலாதன் அண்ணன் நஸ்ரிக்கு அனுப்பிவிட்டு, உப்புவெளிக் கடற்கரைக்கு வேறொரு சோடியைப் படம் எடுக்கப் போய்விட்டார். பெண்கள் பக்கத்துக்கு இடம் மட்டும் திறந்துவைத்திருந்தேன். படங்களை அக்கா தன் கணினியிலிருந்து தானே ஏற்றுவா. ஜும்ஆத் தொழுகை முடிய முன்னம் ஏற்றித் தருவதாக அவ சொல்லியிருந்தா.

நஸ்ரி அதற்கிடையில் இரண்டு தரம் அழைத்துவிட்டார். ஒலிபெருக்கியில் போட்டோம்.

"என்ன இது? என்ட தம்பிட கலியாணத்தில கீழ்ப்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறப் பெட்டியா இரிக்கே?"

"சாம்பல் நல்ல நிறம் நஸ்ரி நானா," என்றா ஹுஸ்னியா அக்கா. "பாத்துக்கொண்டிருங்க, கண்ணுக்குக் குளிர்ச்சி."

"பகிடியா? இங்க ரூமில எட்டுப் பேர் ஃபோனைச் சுத்தி நிக்கிறானுகள்!"

அழைப்பை வைத்துவிட்டு அக்கா தெரிவான படங்களை நகத்துப் படங்களாக்கத் தொடங்கினா. ஆக்கி முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரே திரையில் பரத்தி ஒருமுறை கண்ணால் ஓட்டிப் பார்க்காமல் ஏற்றமாட்டா. ஒவ்வொன்றாகப் பார்க்கிறபோது தெரியாத பிழை, கூட்டமாக நிற்கும்போது கையைத் தூக்கும் என்பது அவவின் கொள்கை.

அன்றைக்குத் தூக்கியது.

"யா அல்லாஹ்!"

நான் எழும்பிவிட்டேன். "என்னக்கா?"

"அங்கயே நில்லுங்க! வராதீங்க!" கையைக் காட்டித் தடுத்தா. "இரிங்க, இரிங்க. பட்டதாரி, மாமிக்கு என்னமோ நடந்திரிச்சு. கண் மூடின புள்ளையப் போய்த் தெரிவு செஞ்சிரிக்கா. ஒண்டில்ல, நாலஞ்சு. இன்னொண்டில மாமிட கையே பாதி, மிச்சம் முதுகு. இன்னொண்டில..." நிறுத்திவிட்டா. பிறகு மெதுவாக, "புள்ளைக்கு முடி பின்னுற படம்," என்றா.

முடி பின்னுகிற படம் என்றால் முக்காடு இல்லாத படம். கட்டாரில் எட்டு ஆண்கள் ஃபோனைச் சுற்றி நிற்கிறார்கள். அவவின் முகத்தைப் பார்த்தேன். பகிடி முழுசாக இறங்கிப்போயிருந்தது.

"நம்மட வாயால கொடுத்த வாக்கு," என்றா. "மாமி சொன்னதத்தான் செஞ்சன் எண்டு சொல்லலாம். ஆனா படம் போனா போனதுதான். ஆரு என்ன சொன்னதெண்டா கிண்ணியாவில பாக்கப்போறாங்க?"

"உம்மாமார் பிழையா எடுக்கமாட்டினம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்," என்றேன்.

"அதத்தான் நானும் யோசிக்கிறன். எந்த உம்மா கண் மூடின புள்ளைய எடுப்பா?"

நான் பார்க்கக் கூடாது. ஆனால் கேட்கலாம். என் மேசையிலேயே இருந்துகொண்டு கேட்டேன்.

"அந்தக் கண் மூடின படம் வரியில எத்தனையாவது?"

"நாலாவது."

"அதே வரியில கண் திறந்த நல்ல படம் இருக்கோ?"

மவுஸ் இரண்டு தரம் சொடுக்கியது. "இரிக்கு. ரெண்டாவது. மாஷா அல்லாஹ், எவ்வளவு வடிவு."

"மாமியின்ர முதுகு?"

"முதலாவது எண்டு சொன்னா. அந்த வரியில... அஞ்சாவதில முகம் காட்டிச் சிரிக்கிறா."

"முடி பின்னுற படம்?"

"அது அஞ்சாவது. முதலாவதில முக்காட்டோட மாலை போடுறது."

"மூன்றாவது எண்டு சொன்னதுகள்?"

"மூணாவது ஒண்டும் பிழையில்ல. எல்லாம் சரி." சொல்லிவிட்டு அவவே நிமிர்ந்தா. நானும் நிமிர்ந்தேன்.

"அக்கா, ஆறிலிருந்து கழிச்சுப் பாருங்கோ. ஒன்று சொன்னால் ஐந்து, இரண்டு சொன்னால் நான்கு. மூன்று மட்டும் எந்தப் பக்கத்தால எண்ணினாலும் மூன்றுதான். நீங்கள் கேட்டுப் பார்த்ததும் ஒரு மூன்றாவதுதானே?"

ஹுஸ்னியா அக்கா தன் நெற்றியில் தானே ஓர் அடி போட்டா. சத்தம் என் மேசை வரைக்கும் கேட்டது.

"மாமி ஓதக்கொடுக்கிறவ! நாப்பது வருஷமா அரபெழுத்த வலப்பக்கத்தால விரல் வச்சு வாசிச்சுப் பழகினவ! எனக்கு எழுத்துக் காட்டித் தந்த அதே விரல். நான் இடப்பக்கத்தால எண்ணிக்கொண்டிரிக்கன், மடச்சி!"

நான் உற்சாகமாகிவிட்டேன். "அப்ப முடிஞ்சுது. எல்லாத்தையும் திருப்பிவிட்டால் சரி. நான் ஒரு சின்ன நிரல் எழுதினால்..."

"எழுதாதீங்க." ஃபோனைக் கையில் எடுத்துவிட்டா. "உங்கட கணக்கு நூத்துக்கு நூறு. ஆனா நான் வாக்குக் கொடுத்தது மாமிக்கு. கணக்குக்கில்ல."

அழைத்தா. இதைக் கேட்பதென்றால், பிழைப் படங்களோடு ஏற்றுகிற வரைக்கும் போய்விட்டேன் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அது அவவுக்கு எவ்வளவு கசப்பு என்று அழைப்பு மணி போகும் நேரத்தில் பார்த்தேன். முக்காட்டின் ஓரத்தைத் திருகிக்கொண்டே நின்றா.

"மாமி, ஒரு சின்னக் கதை. நீங்க முதலாவது எண்டு சொன்னீங்களே, அது எது?"

"இதென்ன கேள்வி? முதலாவதெண்டா முதலாவதுதான்."

"ஓம் மாமி, ஆனா எந்த முதலாவது?"

"எத்தனை முதலாவது இரிக்கு புள்ள? மருந்துக் குளிசை ஏதும் போட்டாயா?"

"இல்ல மாமி. எந்தப் பக்கத்தால எண்ணின?"

"வலப்பக்கத்தாலதான்! வேற எந்தப் பக்கத்தால எண்ணுற? ஒரு நல்ல காரியத்த ஆராவது இடப்பக்கத்தால தொடங்குவாங்களா? இத்தனை வருஷம் ஓதிக் கொடுத்தனே, இதுவா படிச்சாய்?"

அதைச் சொன்ன கையோடு மாமிக்கும் விளங்கிவிட்டது.

"ஹுஸ்னியா. அனுப்பிட்டியா?"

"இல்ல மாமி."

"ஏன் அனுப்பல்ல? நான்தானே அனுப்பச் சொன்னன்."

"சனூஸா கண்ண மூடிக்கொண்டிரிந்தா. நீங்க அப்படி எடுக்கமாட்டீங்க எண்டு தெரியும்."

அந்தப் பக்கத்தில் கோழி கூவியது. பிறகு மாமி, "தாளைக் கொண்டு வா. நான் கண்ணால பாத்துச் சொல்லாம ஒண்டும் போகாது," என்றுவிட்டு வைத்துவிட்டா.

அக்கா திருத்தின தெரிவை மட்டும் புதுத் தாளில் அச்சடித்தா. நாங்கள் எல்லோரும் மறுபடி தேத்தண்ணி குடிக்கப் போனோம், குடித்த தேத்தண்ணி இன்னும் தொண்டைக்குழியில் நிற்கையிலேயே. இந்தத் தடவை வரிக்கு மூன்று படம், கீழே எறும்பு இல்லை, எருமை மாதிரிக் கொழுத்த இலக்கம். அதை உறையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு கிண்ணியா பஸ்ஸில் ஏறினா. நஸ்ரியைச் சமாளிக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

"தம்பி, நீங்கதானே கம்ப்யூட்டர் படிச்சவர்? இந்தச் சாம்பல் பெட்டிகள்..."

"அதுகள் காத்திருக்கிற பெட்டிகள் நானா. சனூஸாவின்ர உம்மா கையெழுத்துப் போட வேணும்."

"அப்ப சரி," என்றார் உடனே. "அந்த மனிசியோட என்னால கதைக்க ஏலா." எட்டுப் பேரும் சிரித்தது எனக்குக் கேட்டது.

கிண்ணியாவில் நடந்ததை அக்கா பின்னேரம் சொல்லித்தான் தெரியும். மாமி கதிரையை முற்றத்து வெளிச்சத்துக்கு இழுத்துப்போட்டுக்கொண்டு, தாளின் வலது மூலையில் விரலை வைத்துத் தொடங்கினாவாம். ஒவ்வொரு படமாக. எங்கள் கணக்கின்படி எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. ஒரு வரியில் அவ உண்மையிலேயே நாக்குத் தடுமாறி நாலுக்கு ரெண்டு என்று சொல்லியிருந்தா. நான் எழுதவிருந்த நிரல் அந்த ரெண்டாவதை ஒருத்தரையும் கேட்காமல் கட்டாருக்கு அனுப்பியிருக்கும். யார் படம் அது? மாமியின் மைத்துனி, குசினியில், முக்காடு கழுத்தில் கிடக்க, வட்டிலப்பம் ருசி பார்க்கிற படம்.

"இது போயிருந்தா," என்றாவாம் மாமி, "சனூஸாட கலியாணத்த ஊரே மறந்தாலும் இவள் மறக்கமாட்டாள்." இரண்டு பேரும் கதிரையிலிருந்து விழுகிற அளவுக்குச் சிரித்திருக்கிறார்கள்.

அதைக் கேட்டு எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. கணக்குச் சரி. நாக்குக்குக் கணக்கில்லை, அவ்வளவுதான்.

அசர் தொழுகைக்கு முன்னம் அக்கா திரும்பிவந்து அந்த ஒன்றை நீக்கி நாலாவதைப் போட்டு, நகத்துப் படங்களை மறுபடி பரத்திப் பார்த்து, ஏற்றினா. சாம்பல் பெட்டிகள் ஒவ்வொன்றாக நிறம் எடுத்தன என்று கட்டாரிலிருந்து நஸ்ரிதான் நேர்முக வர்ணனை செய்தார். நான் என் மேசையில் இருந்து பெயர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் விடுபடவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து ஸ்டூடியோவின் ஃபோன் ஓயவில்லை. மாமி ஓதக்கொடுக்கிற வீட்டில் நாளுக்கு எத்தனை உம்மாமார் வந்துபோவார்கள்! ஒவ்வொருவருக்கும் மாமி ஒரே கதையைத்தான் சொல்லியிருக்கிறா. "நானே அனுப்பு எண்டு சொல்லியும் ஹுஸ்னியா அனுப்பல்ல." தான் எந்தப் பக்கத்தால் எண்ணினா என்பதை அந்தக் கதையில் சேர்க்கவில்லை. அக்காவும் சேர்க்கவில்லை. சேர்க்கிறவன் நான்தான். மாமி இதை வாசிக்கமாட்டா என்ற தைரியம்.

ஹுஸ்னியா அக்கா இப்போதும் அதே ஸ்டூடியோவில்தான் இருக்கிறா. மேல்மாடியில் கதவுள்ள தனி அறை கிடைத்திருக்கிறது. ஜெஸ்மின் என்ற பிள்ளை உதவிக்கு இருக்கிறா. நான் அரச வேலை கிடைத்து, கச்சேரி என்று நாங்கள் சொல்கிற மாவட்டச் செயலகத்துக்குப் போய்விட்டேன். கேலரியை இன்னும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அக்காவின் கொன்டக்ட் ஷீட்டுகளில் இப்போது ஒவ்வொரு படத்துக்கும் கீழே பெரிய இலக்கம் இருக்கிறது. கிண்ணியாவுக்குப் போகிற தாள்களில் ஒன்றாம் இலக்கம் வலப்பக்கத்தில் தொடங்குகிறது.